நாரி நோவும் பின்தொடை இறுக்கமும்



நாரி நோவுடையோரிற் பலர் பின்தொடை எந்நேரமும் இறுகியிருப்பதாகக் கூறுவர். அதை இழுத்துவிட்டால் நோ தீரும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் தசை உண்மையிலேயே குறுகியிருக்கிறதா?

எமது நண்பரொருவர் மூன்று மாதம் நாள்தோறும் பாதஹஸ்தாசனம் செய்தார். சிறிது நேரம் இலகுவாயிருக்கும். பின்னர் பழைய இறுக்கமே. அவரை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காது ஒரு காலை மெல்ல உயர்த்தினோம். ஏறக்குறைய 80 பாகைவரை உயர்ந்தபின்பே இழுத்தது. குறுகிய தசை அவ்வளவு இடங்கொடாது. இழுப்பு நீங்குமளவுக்குக் காலைச் சற்றுத் தாழ்த்தி, பாதத்தை முகப்பக்கமாக மடக்கினோம். பிட்டத்திலிருந்து கீழே சுரீரென்றது! பின்தொடைத் தசை முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடுகிறது. பாதத்தை மடக்கினால் அது நீளாது. இழுபடுவது நாரியிலிருந்து பாதம்வரை ஓடும் நரம்பே. (கெண்டைக்காலில் மாத்திரம் இழுத்தால் அது கெண்டைத் தசையாகலாம்.)

உறுத்தப்பட்ட நரம்பைக் காக்கவே தசை இறுகுவதுண்டு. அதைக் குனிந்து குனிந்து இழுப்பது புண்ணைச் சொறிவது போலாகும். நண்பர் அவ்வாசனத்தை நிறுத்தி, நாள்தோறும் நடந்து, பொருள்களை இடுப்பு மூட்டிலிருந்து மடங்கி எடுக்கப் பழகினார். ஆறு வாரத்தில் இறுக்கம் தளர்ந்தது.

கால் 50 பாகையில் நின்று, நடுத்தொடை மாத்திரம் இழுப்பவர்க்கு நீட்டற் பயிற்சி உதவும். படுத்தபடி, தொடையின் பின்னே சால்வையை மாட்டி, 30 விநாடி பிடித்தல் போதும். கால் மேலும் உயரும். அதனால் நாரி நோவும் நீங்குமென்பது நிச்சயமன்று.

பாதம் தளர்ந்து இழுபட்டாலோ, சலம் கழிப்பது தடைப்பட்டாலோ, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.