ஐந்நூறு ரூபாயும் ஒரு வங்கச் சொல்லும்

கல்கத்தாவின் தென்பகுதியில், பாலிகஞ்சில், நம்மவர் பலர் நெடுங்காலமாகக் குடியிருந்து வருகிறோம். கரியாஹாட் சந்தையில் மீனுக்கும் கத்தரிக்காய்க்கும் பேரம் பேசும் அளவுக்கு வங்காளம் நமக்கு வாய்த்துவிடுகிறது. ஆனால் எழுத்தைக் கண்டால் நம்மில் பெரும்பாலோர் எழுத்தறியாதவரே. இந்தக் குறை எங்களை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது என்பதையும், அதிலிருந்து மீண்ட வழியையும் இன்று சொல்ல விரும்புகிறோம்.

சில மாதங்களுக்கு முன் மதுரையிலிருந்து எங்கள் அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். எங்கள் வீடு சிறியது; ஆகையால் அருகிலிருந்த ஒரு சிறு விடுதியில் அவர்களை இரண்டு இரவு தங்க வைத்தோம். புறப்படும்போது பணத்தைக் கொடுத்துவிட்டு வந்த மாமா, பில்லை எங்கள் கையில் கொடுத்து, "ஐயாயிரத்துக்குள் முடியும் என்றுதானே சொன்னார்கள்? இவ்வளவு எப்படி ஆயிற்று?" என்று கேட்டார். தலைப்பு மட்டும் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. கீழே யாவும் வங்க எழுத்தில், கையால் எழுதியவை. கடைசியில் 5,775 ரூபாய் என்ற மொத்தம் மட்டும் ஆங்கில எண்ணில் இருந்தது.

கைப்பேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தோம். அறை வாடகை 3,600, உணவு 1,800, சேவை வரி 500, அதற்குக் கீழே சரக்கு மற்றும் சேவை வரி 275 என்று வந்தது. கூட்டினால் 6,175 ஆகிறது, பில்லிலோ 5,775. 'கூட்டலிலேயே தவறு, வரியின் மேல் வரி' என்று சினந்து அப்போதே ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தோம். நல்ல வேளை, அனுப்பவில்லை.

மாடி வீட்டு வங்காளி அம்மையாரிடம் பில்லைக் காட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே, "இது எட்டு அன்று, நான்கு" என்றார். வங்க எழுத்தில் நான்கு என்னும் எண், நாம் அறிந்த 8-ஐப் போலவே இருக்கும். ஏழு என்பது 9-ஐப் போலத் தோன்றும். கையெழுத்தில் இந்த மயக்கம் இன்னும் மிகுதி. ஆகவே உணவு 1,400 ரூபாய்தான். மொத்தமும் சரியாக வந்துவிட்டது. படத்தை மொழிபெயர்த்தவர்கள் முதலில் செய்யவேண்டியது கூட்டிப் பார்ப்பதே. கூட்டல் பொருந்தாவிட்டால், விடுதியின் மேல் ஐயம் கொள்ளும் முன் நம் வாசிப்பின் மேல் ஐயம் கொள்ள வேண்டும்.

அடுத்தது அந்த ஐந்நூறு. பில்லில் இருந்த சொற்கள் 'பரிஷேபா மாஷுல்'. பரிஷேபா என்றால் சேவை. மாஷுல் என்றால் கட்டணம்; நம் ஊரில் விளைச்சலைக் குறிக்கும் 'மகசூல்' என்ற சொல்லுக்கு இது உறவு. வரி என்பதற்கு வங்காளத்தில் 'கர்' என்று எழுதுவார்கள். ஆகவே அது சேவை வரி அன்று, சேவைக் கட்டணம். பழைய சேவை வரியோ 2017 ஜூலை 1-ஆம் தேதியே சரக்கு சேவை வரியில் கரைந்துவிட்டது. இந்த வேறுபாடு சிறிதன்று. வரி அரசுக்குப் போவது; அதை மறுக்க நமக்கு உரிமையில்லை. கட்டணம் விடுதிக்காரர் பெட்டிக்குப் போவது. அதற்குக் காரணம் கேட்கலாம்.

காரணம் கேட்பதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, எந்த ஹோட்டலும் உணவகமும் சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கலாகாது. வேறு பெயரிட்டும் வாங்கலாகாது. அதைப் பில்லோடு கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் வரி போடவும் கூடாது. உணவகச் சங்கங்கள் இதை எதிர்த்து வழக்காடின. 2025 மார்ச் 28-இல் டில்லி உயர் நீதிமன்றம் அவற்றின் மனுக்களைத் தள்ளி, நெறிமுறையை நிலைநிறுத்தியது. மனம் உவந்து கொடுப்பதற்குத் தடையில்லை. கட்டாயமாக வாங்குவதே தவறு.

இனி வரியைப் பாருங்கள். அறையும் உணவும் சேர்ந்து 5,000. அவர்கள் பில்லில் இரண்டுக்கும் நூற்றுக்கு ஐந்து வீதம் வரி. அதன்படி 250 ஆக வேண்டும். பில்லில் இருந்ததோ 275. அதாவது 5,500-க்கு வரி போட்டிருக்கிறார்கள். ஆகவே நியாயமான தொகை 5,250. மிகுதியாக வாங்கியது 525. வரித் தொகையை வைத்துக்கொண்டு, எதன் மேல் வரி விதித்தார்கள் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால், மறைந்திருப்பது வெளிப்பட்டுவிடும்.

இத்தனையும் தெளிந்த பிறகு மின்னஞ்சல் எழுதினோம். எளிய ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்கும் குறைவாக. அதன் சாரம் இது:

"பில் எண்ணும் தேதியும் மேலே கண்டவை. அறைக்கு 3,600, உணவுக்கு 1,400. 'பரிஷேபா மாஷுல்' என்று 500 ரூபாய் சேர்த்துள்ளீர்கள். இது எந்தச் சேவைக்கு என்று தெரிவிக்க வேண்டுகிறோம். கூடுதல் படுக்கை, சலவை போன்ற எதையும் நாங்கள் கேட்டுப் பெறவில்லை. இது பொதுவான சேவைக் கட்டணமானால், அதையும் அதன் மேல் விதித்த வரி 25 ரூபாயையும் சேர்த்து 525 ரூபாயை ஏழு நாளுக்குள் திருப்பித் தருமாறு கோருகிறோம். உங்கள் பணியாளர் மீது எங்களுக்குக் குறையில்லை."

முதலில் கேள்வி, பிறகே கோரிக்கை. ஏனெனில் சில விடுதிகளில் உண்மையாகவே தனிச் சேவைக்கு அப்பெயரில் பணம் வாங்கியிருக்கக்கூடும். பில்லின் மூலப் படத்தையே இணைத்தோம். மொழிபெயர்ப்புப் படத்தை அன்று. அதில் வங்கச் சொற்களின் மேல் வேறு எழுத்துப் படிந்து மூலம் மறைந்துவிடுகிறது. நான்கு மூலைகளும், எண்ணும், தேதியும் தெரியுமாறு பகல் வெளிச்சத்தில் படம் எடுத்திருந்தோம். தாளையும் பத்திரமாக வைத்தோம்.

மூன்றாம் நாள் மேனேஜர் பதில் எழுதினார். "வழக்கமாகச் சேர்ப்பதுதான், தவறாக எண்ணவேண்டாம்" என்று சொல்லி, 500 ரூபாயை அனுப்பினார். இருபத்தைந்து மட்டும் வரவில்லை. இரண்டே வரியில் மறுபடியும் எழுதினோம். அதுவும் வந்து சேர்ந்தது.

பதிலே வராவிட்டால் என்ன செய்வது? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். அவர்கள் இரு தரப்பையும் பேசவைப்பார்களேயன்றித் தீர்ப்பு வழங்கமாட்டார்கள். தீர்ப்பு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையிடுபவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். எங்கள் மாமா இதற்காகக் கல்கத்தாவுக்கு மீண்டும் ரயில் ஏற வேண்டியதில்லை, மதுரையிலேயே தொடுத்திருக்கலாம்.

நாங்கள் முதலில் எழுதத் துணிந்த கடிதத்தை அனுப்பியிருந்தால், நடவாத கூட்டல் பிழைக்கும் இல்லாத வரிக்கும் அவர்களைக் குற்றம் சாட்டியிருப்போம். அவர்கள் அந்த இரண்டையும் எளிதில் மறுத்திருப்பார்கள். உண்மையான 525 ரூபாயும் அதோடு போயிருக்கும். பணம் வந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது மாமா கேட்டது ஒன்றுதான்: "அந்த மாடி வீட்டு அம்மாவுக்கு மதுரையிலிருந்து என்ன அனுப்பட்டும்?"