வெற்றுத்தாளும் உரத்த குரலும்



பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் கல்விக்கு ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததை நன்றாகக் கேட்டவனுக்கும் கிடைப்பது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் வந்து சேரும். இதைப் பல்லாண்டு வகுப்பில் நடத்தியவன் நான். அதன் பொருள் எனக்கு விளங்கியது என் பேத்தியால்.

இளங்கலைத் தமிழ் முதலாண்டில் அவள் முதல் தேர்வில் தவறினாள். குறிப்பேடோ முத்து முத்தான எழுத்து. “படிக்கும்போது எல்லாம் தெரிந்ததாகவே இருந்தது தாத்தா” என்று கண் கலங்கினாள். ஏட்டைப் பார்த்துக்கொண்டே படிப்பவர்க்கு அப்படித்தான் தோன்றும். அன்று மாலை முதல், குறிப்பேட்டை மூடிவைத்து, வெற்றுத்தாள் ஒன்றை முன்னே விரித்து, அன்றைய பாடத்தை வாய்விட்டு எனக்குச் சொல்லச் செய்தேன். தாளில் எழுதுவது எடுத்துக்காட்டு மட்டும். நா தடுமாறும் இடத்தில் ஒரு வட்டம்.

முதல் நாள் பாடம் குற்றியலுகரம். “கு, சு, டு, து, பு, று சொல்லின் இறுதியில் வந்தால் உகரம் அரை மாத்திரையாகக் குறுகும்” என்று கூறி, ‘காசு’ என எழுதினாள். “பசு?” என்றேன். “அதுவும் குறுகும்” என்றாள், சற்றும் தயங்காமல்.

இங்கேதான் இம்முறையின் குறையும் இருக்கிறது. தடுமாற்றம் நமக்கே தெரிந்துவிடும். தடுமாறாத பிழை தெரியாது. ஆகவே பேசி முடித்தபின் ஏட்டைத் திறந்து ஒப்பிட்டே ஆகவேண்டும். திறந்தாள். ‘தனிக்குறிலை அடுத்து வராத’ என்ற தொடர் அவள் கையெழுத்திலேயே இருந்தது!

அத்தொடரை அப்படியே ஒப்பித்தாள். நான் விடவில்லை, ஆசிரியரின் சொல்லைத் திருப்பிச் சொல்வது விளக்கம் ஆகாது. “ஐ சேர்த்துச் சொல்லிப் பார், அம்மா” என்றேன். காசு, காசை, பசு, பசுவை. ஒன்றில் உகரம் ஓடிவிடுகிறது, மற்றொன்றில் நின்று வகரத்தைத் துணைக்கு அழைக்கிறது. “முன்னால் ஒரே ஒரு குற்றெழுத்து மட்டும் இருந்தால் உகரம் முழுசாக நிற்கும்” என்று தன் சொல்லில் சொன்னாள்.

“அப்படியானால் ‘அது’? ‘அதை’ என்கிறோமே?”

பேச்சு நின்றது. தாளில் முதல் வட்டம் விழுந்தது. அவளே நன்னூலைப் புரட்டி, முற்றியலுகரமும் ஒரோவழி அவ்வாறு கெடும் என்பதை அதே நூற்பாவின் இறுதியில் கண்டெடுத்தாள்.

மாணவச் செல்வங்களே, வரிசையாக மனப்பாடம் செய்யவேண்டிய பெயர்களுக்கு இத்தனை பாடு வேண்டியதில்லை. ‘ஏன்’ என்று கேட்க இடமுள்ள பாடத்திற்கே இது. கேட்க ஆள் இல்லையென்றால், விதிக்கு அடங்காத சொல் ஒன்றை நீங்களே தேடி உங்களை மடக்குங்கள்.

மறுநாள் மாலை புதிய தாளை விரித்த பேத்தி, நான் கேட்கும் முன்னரே முதலில் எழுதிய சொல் ‘பசு’.