பிரிவுபசாரப் பரிசும் பெயர்ப்பட்டியலும்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஒருவர் பணி நிறைவு பெறும்போது, உடன் பணிபுரிந்தவர்கள் பொதுவில் பணம் திரட்டிக் குத்துவிளக்கோ கைக்கடிகாரமோ மோதிரமோ வாங்கி அளிப்பது நெடுநாளைய வழக்கம். இதற்கென ஒரு முழுத்தாள் கையிலெடுக்கப்படுகிறது. பிரிவின் மூத்த அலுவலர் பெயர் முதலிலும் தூய்மைப் பணியாளர் பெயர் கடைசியிலுமாக எழுதப்பட்டு, எதிரே தொகைக்கும் கையொப்பத்துக்கும் இடம் விடப்படுகிறது. மூத்த அலுவலர் மனமுவந்து 500 ரூபாய் என்று எழுதுகிறார். அந்த எண் யாரும் அறிவிக்காமலேயே தலைக்கு இவ்வளவு என்னும் விகிதமாகிவிடுவதால், தாள் கீழே இறங்கி வரும்போது 100 ரூபாய் தரக் கருதியிருந்தவர் தம் எண்ணை எழுத முடியாமல் தயங்குகிறார். கேட்டவர் கடுமையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. நெருக்கடி முழுவதையும் தாளின் அமைப்பே உண்டாக்கியிருக்கிறது.

இந்த அமைப்பு மொய் நோட்டிலிருந்து வந்தது என்று கொள்ள இடமுண்டு. திருமணத்திலும் காதணி விழாவிலும் வைக்கப்படும் மொய், பெயரோடும் ஊரோடும் தொகையோடும் எழுதப்படுவதற்குத் தக்க காரணம் இருக்கிறது: அது திருப்பிச் செய்யவேண்டிய பணம், வைத்தவர் வீட்டு விசேஷத்தில் அதே தொகையையோ சற்றுக் கூடுதலாகவோ வைப்பதற்கு அந்தக் கணக்கு தேவைப்படுகிறது. பணி நிறைவு பெற்றுச் செல்பவரோ எவருக்கும் எதையும் திருப்பிச் செய்யக் கடமைப்பட்டவர் அல்லர். ஆகவே யார் எவ்வளவு தந்தார் என்னும் குறிப்பால் இங்கே எவருக்கும் பயனில்லை; மொய் நோட்டின் வடிவம் மட்டும் அதன் காரணத்தை விட்டுவிட்டு அலுவலகத்துக்குள் வந்திருக்கிறது.

தலைக்கு ஒரே தொகை என்பது நேர்மையானது போலத் தோன்றினாலும் கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. மாதம் 90,000 ரூபாய் பெறுபவருக்கு 500 ரூபாய் என்பது ஊதியத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு; 12,000 ரூபாய் பெறும் தற்காலிகப் பணியாளருக்கு அது நான்கு விழுக்காட்டுக்கும் மேல், அதாவது ஒரு நாள் கூலிக்கும் அதிகம். இதைச் சரிசெய்யப் பதவிக்கு ஏற்பத் தொகையை வகுத்து அறிவிப்பவர்களும் உண்டு. ஆனால் ஊதியம்தான் மற்றவர்களுக்குத் தெரியும். வட்டிக் கடனும் மருத்துவச் செலவும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் தெரிவதில்லை. ஒரே பதவியில் இருக்கும் இருவரில் ஒருவர் எளிதாகத் தரக்கூடியதை மற்றவர் கடன் வாங்கித் தர நேர்வதால், அந்த முறையும் ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டாயத்தை வைத்துவிடுகிறது.

இந்தச் சிக்கலைச் சட்டம் எழுதியவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 14-ஆம் விதி, ஓய்வோ இடமாற்றமோ பெறுபவருக்குத் தனிப்பட்ட முறையில் எளிமையாக நடத்தப்படும் பிரிவுபசாரத்தை அனுமதிக்கிறது. அதே விதியின் குறிப்பு, அதற்குச் சந்தா தரும்படி எவ்வகையிலும் அழுத்தம் தருவதைத் தடுப்பதோடு, மூன்றாம் நான்காம் நிலை ஊழியர்களிடமிருந்து அந்த இரு நிலைகளையும் சேராத ஒருவரின் விருந்துக்காக எந்தச் சூழ்நிலையிலும் வசூலிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மேல்நிலையில் உள்ளவருக்காகக் கீழ்நிலையில் உள்ளவரிடம் கேட்கும்போது விருப்பம் என்பது பெயரளவுக்கே நிற்கும் என்பதை இந்தக் குறிப்பு ஒப்புக்கொள்கிறது. அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்களுக்கான நெறிமுறை வேறொரு வழியைக் கொள்கிறது: மேலதிகாரிக்கான பரிசுக்கு இவ்வளவு தரலாம் என்று ஒரு தொகையைச் சொன்னால், அதைவிடக் குறைவாகத் தரவோ ஒன்றும் தராமலிருக்கவோ உரிமை உண்டு என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

சொல்லால் உரிமை தருவதைக் காட்டிலும் தொகையைக் கண்ணில் படாமல் செய்வதே பயன் மிக்கது. அதற்குக் கைக்கு எட்டிய கருவி ஒட்டப்பட்ட உறை. 18 பேர் கொண்ட ஒரு பிரிவில் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று கொள்ளலாம். மீதமுள்ள 17 பேருக்கும் ஒரே அளவிலான பழுப்பு உறை ஒன்று தரப்படுகிறது. உள்ளே ஒரு தடித்த அட்டைத் துண்டு முன்னரே வைக்கப்பட்டிருக்கிறது, ஏனெனில் அது இல்லாவிட்டால் வெற்று உறையைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுகொள்ளலாம். உறையின்மேல் பெயர் இல்லை. எல்லோரும் உறையை ஒட்டிப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும், ஒன்றும் வைக்காதவர் உட்பட என்பதே இதில் முதன்மையான விதி; தந்தவர் மட்டும் போட்டால் போடாதவர் தனித்துத் தெரிவார். ஊதிய வழங்கலோடு தொடர்பில்லாத இருவர் சேர்ந்து பெட்டியைத் திறக்கிறார்கள். மூன்று உறைகளில் ஆயிரம், ஐந்தில் ஐந்நூறு, நான்கில் இருநூறு, மூன்றில் நூறு, ஒன்றில் ஐம்பது, ஒன்றில் அட்டை மட்டும் என்று இருந்தால் கூட்டுத்தொகை 6,650 ரூபாய். தலைக்கு 500 வீதம் வாங்கியிருந்தால் 8,500 கிடைத்திருக்கும். அந்த 1,850 ரூபாய்க் குறைவை விளக்கின் உயரம் ஏற்றுக்கொள்ள வேண்டும். பரிசைத் தெரிவு செய்துவிட்டுப் பணம் திரட்டாமல், பணம் வந்த பிறகே கடைக்குச் செல்வது அதற்காகத்தான். இரண்டாம் முறை உறை சுற்றவே கூடாது. மொத்த வரவும் கடை ரசீதும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவதோடு கணக்கு முடிகிறது.

எல்லா உறைகளிலும் ஒரே தொகை இருந்தால் அதை ஒற்றுமை என்று மகிழ்வதற்கில்லை. தேநீர் இடைவேளையில் ஒரு விகிதம் காதோடு காதாகப் பரவிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். சக ஊழியரிடம் கைமாற்று வாங்கிப் போட்டவர் இருப்பதும், விழா நாளில் மட்டும் ஒருவர் விடுப்பு எடுப்பதும் அவ்வாறே கவனிக்கத் தக்கவை.

காலமும் ஒரு நெருக்கடிதான். மாநில அரசில் ஓய்வு மாதக் கடைசி நாளில் நிகழ்கிறது. ஊதியம் வருவதும் மாதக் கடைசி வேலை நாளில். விழா நெருங்கும்போது பணம் கேட்பவர்கள், அறியாமலேயே, எல்லோர் கையும் காய்ந்திருக்கும் வாரத்தில் கேட்கிறார்கள். ஓய்வு நாள் பிறந்த தேதியிலிருந்தே தெரிந்திருப்பதால் மாதத்தின் முதல் வாரத்திலேயே உறையைத் தந்துவிட எந்தத் தடையும் இல்லை.

கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றம் வந்த பிறகு மறைப்பு மேலும் கடினமாகியிருக்கிறது. அனுப்பியவர் பெயரும் தொகையும் பெறுபவரின் திரையில் சேர்ந்தே தோன்றுகின்றன. வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் அனுப்பிய சான்றுப் படத்தைப் போட்டால் மற்றவர்களும் போட வேண்டியதாகிறது. இதனால் பெரிய தொகை தருபவர் வசதிக்காக மட்டும் அந்த வழியைத் திறந்து வைத்து, குழுவில் படமோ நன்றிப் பட்டியலோ இடாமல், நினைவூட்டலையும் தனித்தனியே அன்றி எல்லோருக்கும் ஒரே ஒரு முறை அனுப்புவது நல்லது. விருந்துச் செலவைப் பரிசுப் பணத்தோடு கலப்பதும் கூடாது. கலந்தால், ஒன்றும் தராதவர் பந்தியில் அமரக் கூசுவார்.

நான்கைந்து பேர் மட்டும் உள்ள அலுவலகத்தில் இந்த ஏற்பாடு பயன்படாது, ஏனெனில் எத்தனை உறை ஒட்டினாலும் எது யாருடையது என்பது ஊகத்துக்கு எட்டிவிடும். அங்கே வசூலையே விட்டுவிட்டு, இயன்ற ஒருவர் பொன்னாடை ஒன்றின் செலவைத் தாமே ஏற்க, வாழ்த்து மடலில் எல்லோரும் கையொப்பமிட்டு அளிப்பதுதான் தக்க வழி.