குழாயில் கரண்ட் கூசினால்
(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழாயைத் தொட்டால் விரலில் ஊசி குத்துவது போலக் கூசுகிறது என்று நம் லயங்களில் அடிக்கடி கேட்கிறோம். "செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடு, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். செருப்பும் காய்ந்த தரையும் இருப்பதால்தான் அது வெறும் கூச்சமாக இருக்கிறது. கொழுந்து மலையிலிருந்து நனைந்து வந்து, வெறுங்காலோடு ஈரத்தில் நின்று அதே குழாயைப் பிடித்தால் கை ஒட்டிக்கொள்ளும். உயிரே போகலாம்.

இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? ஆறு வீட்டு லயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுவரோரமாக ஒரே இரும்புக் குழாய் ஆறு வீட்டுக்கும் போகிறது. இரண்டாம் வீட்டில் சுடுதண்ணீர் ஹீட்டர் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளின் உறை வெடித்து, கரண்ட் ஹீட்டரின் உடம்புக்குக் கசிகிறது. அந்த ஹீட்டருக்குத் தனியாக எர்த் கம்பி அடிக்கவில்லை. எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றியிருக்கிறார்கள். முன்பு அந்தக் குழாய் மண்ணுக்குள் போனதால் கசிந்த கரண்டும் மண்ணுக்குப் போனது. பிறகு, மண்ணுக்குள் இருந்த துருப்பிடித்த பகுதியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். பிளாஸ்டிக்கில் கரண்ட் போகாது. இப்போது சுவரிலுள்ள இரும்புக் குழாய் முழுவதிலும் கரண்ட் நிற்கிறது. ஹீட்டரே இல்லாத ஆறாம் வீட்டுப் பிள்ளை முகம் கழுவப் போனால் அதற்குத்தான் கூசும்.

"எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். வீடுகளில் போடும் ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழும். ஆனால் ஒரு மில்லி அம்பியரிலேயே கூச்சம் தெரியும். பத்து, பதினைந்துக்குள் கை விடுபடாமல் போகலாம். ஆகவே ட்ரிப் விழவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க முடியாது. எர்த் சரியாக இருந்தால், கசிவு கூடும்போதே கரண்ட் மண்ணுக்குப் போய் சுவிட்ச் தானாக விழும், யாரும் தொட வேண்டியதில்லை. எர்த் இல்லாவிட்டால் அது விழ ஒரு ஆள் தொட வேண்டியிருக்கிறது. அடிக்கடி விழுகிறது என்று அதை நேரடியாக இணைத்து வைத்த வீடுகளில் அந்தக் காவலும் இல்லை.

கூசினால் உடனே என்ன செய்வது? கையை எடுத்ததும் மறுபடி தொட்டுப் பார்க்காதீர்கள். தண்ணீர் ஓடினாலும் ஓடட்டும், குழாயை மூடப் போகாதீர்கள். காய்ந்த கையோடு, காய்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணையுங்கள். ஹீட்டரின் சுவிட்ச் மட்டும் போதாது. வயர் மாற்றிப் போடப்பட்டிருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும். பிறகு லயம் முழுவதற்கும் குரல் கொடுங்கள். கரண்ட் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தெரியாததால் எல்லா வீட்டு மெயினையும் அணைக்க வேண்டும். பிள்ளைகளைக் குழாய்ப் பக்கம் விடாதீர்கள்.

யாராவது ஒட்டிக்கொண்டால் ஓடிப்போய்ப் பிடித்து இழுக்காதீர்கள், நீங்களும் ஒட்டிக்கொள்வீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால் காய்ந்த பலகையில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். 1990 அம்புலன்சுக்குச் சொல்லுங்கள். மூச்சு இல்லாவிட்டால் அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் வேகமாக, பலமாக அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பழுதைத் தேடுவது வயரிங் தெரிந்தவரின் வேலை. அவர் ஒவ்வொரு வீட்டு மெயினாகப் போட்டு, குழாயை மீட்டரால் அளப்பார். எந்த வீட்டு மெயினைப் போட்டதும் முள் ஏறுகிறதோ, பழுது அங்கே. டெஸ்டர் எரியவில்லை என்பதை வைத்துக் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ட்ரிப் சுவிட்சிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும். ஆனால் அது விழுவது சுவிட்ச் வேலை செய்கிறது என்பதை மட்டுமே காட்டும். எர்த் இருக்கிறதா என்று அது காட்டாது. எர்த்தைத் தனியாக அளக்க வேண்டும்.

ஆகவே நாம் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் மண்ணில் அடித்த தனி எர்த் கம்பி. ஒவ்வொரு வீட்டிலும் வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச். இரும்புக் குழாயை பிளாஸ்டிக்காக மாற்றும் ஒவ்வொரு தடவையும், வேலை முடிந்த அன்றே எர்த் சோதனை. குழாய் மாற்ற ஆள் வந்தால் அன்றைக்கே தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். லய இலக்கத்தையும் திகதியையும் குறித்துக் கடிதத்தோடு சேர்ப்போம்.