பெண் பார்க்க வருமுன் நாம் பார்க்க வேண்டியவை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் நம்ம வானகரம் பக்கம் பெண் பார்க்கும் பேச்சு ஆரம்பித்துவிடும். நாமும் கேசரி, பஜ்ஜி, புடவை என்று ஓடுவோம். மாப்பிள்ளையின் வேலையை மட்டும் தரகர் சொன்னதோடு விட்டுவிடுவோம்.

நம்ம குழு அக்கா ஒருவர் மகளுக்கு வரன் வந்தது. பையன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பர்மனென்ட், சம்பளம் 25,000 என்றார் தரகர். அதை நம்பி ஆறு பவுன் போடணும்னு அக்கா குழுவில் கடன் கேட்டார். நாம், "முதல்ல விசாரிங்க அக்கா" என்றோம்.

பெண் பார்க்க வரும் நாளுக்கு ஒரு வாரம் முன்னாடி, அக்கா வீட்டுக்காரரும் தம்பியும் பையன் வீட்டுக்குப் போனாங்க. "தப்பா நெனைக்காதீங்க. அடையாள அட்டையும் மூணு மாச சம்பளச் சீட்டும் பார்க்கலாமா? எங்க பொண்ணோட சீட்டையும் கொண்டு வந்திருக்கோம்" என்று கேட்டாங்க. பையன் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். அட்டையில் கம்பெனி பேருக்குப் பதிலா கான்ட்ராக்டர் பேர் இருந்தது. சீட்டில் ஒரு மாதம் 24,800. மற்ற இரண்டு மாதமும் 19,000-க்குக் கீழே. ஓவர்டைம் பார்த்த மாதத்தைத்தான் தரகர் சம்பளமாகச் சொல்லியிருக்கார். பி.எஃப். பிடித்தம் ஒழுங்காக இருந்தது.

கான்ட்ராக்ட் வேலை குற்றமில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் வேலை போகலாம். அது தெரிந்துதான் பெண் முடிவு செய்யணும்.

அடுத்து, "பெண்ணுக்கு என்ன போடுவீங்க?" என்ற கேள்வி. இதற்குப் பதிலை வீட்டிலேயே பேசி வைக்கணும். கூடத்தில் பத்து பேர் முன்னால் கேட்டால் வாய் தவறி ஒரு கணக்கு வந்துவிடும். 1961-ஆம் வருட வரதட்சணை தடுப்புச் சட்டப்படி கேட்பதே குற்றம், கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தினால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் புகார் தரலாம். அக்கா, "எங்களால் முடிந்ததைப் பொண்ணுக்குச் செய்வோம், கணக்குப் பேச மாட்டோம்" என்று ஒரே வரியில் முடித்தார். கேட்ட கடனையும் வேண்டாம்னு சொல்லிட்டார்.

கடைசியாக மகளின் பேச்சு. தனியாகப் பேச பத்து நிமிஷம் வேணும்னு அக்கா முன்கூட்டியே சொல்லி வைத்தார். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போகலாமா? என் சம்பளம் யார் கையில இருக்கும்?" என்று பெண் கேட்டாள். "போலாம், உன் கையிலதான்" என்றார் பையன். அன்றைக்கே சம்மதம் சொல்லச் சொல்லி பெரியவங்க அவசரப்படுத்தினாங்க. "ரெண்டு நாள்ல சொல்றோம்" என்றார் அக்கா. அந்த ரெண்டு நாளில் பெண் யோசித்து, தானே சரி என்றாள்.

உங்க வீட்டுக்கு ஆள் வருமுன் சம்பளச் சீட்டைப் பாருங்க. பஜ்ஜி மாவு அப்புறம் கரைக்கலாம்.