மருத்துவ விடுப்பில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பலாமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு என்ஜினியருக்குச் சட்டம் பேச என்ன தகுதி என்று சங்கச் செயலாளர் என்னைக் கேட்கவில்லை. நீங்கள் கேட்கலாம். ஷாப் ஃப்ளோரில் இருபது முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிற எவருக்கும் இந்தப் பிரச்சினை ஒரு நாள் வந்தே தீரும். ஒருத்தர் மாதக்கணக்கில் மருத்துவ விடுப்பில் இருப்பார். மேலிடத்திலிருந்து ஃபோன் வரும்: "இவரை என்ன செய்யலாம்? உங்க அபிப்பிராயத்தை எழுதி அனுப்புங்க." அன்றைக்கு நாம் எழுதும் நாலு வரிதான் பின்னால் கோர்ட்டில் வாசிக்கப்படும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வேலைக்கு வராமல் இருப்பது வேறு, வேலை செய்ய முடியாமல் இருப்பது வேறு. முதலாவது ஒழுங்கு சம்பந்தப்பட்டது. இரண்டாவது உடம்பு சம்பந்தப்பட்டது. நிர்வாகங்கள் இரண்டையும் கலந்துவிடும். காரணம், முதல் வழி சுலபம். பல ஆலைகளின் நிலையாணைகளில், தொடர்ந்து எட்டு நாள் அனுமதியின்றி வராதவர் தானே வேலையை விட்டுவிட்டதாகக் கருதப்படுவார் என்று ஒரு விதி உண்டு. ரெஜிஸ்டரில் பெயரை அடித்தால் காரியம் முடிந்தது.

நம்ம சென்னை பி அண்ட் சி மில்லில் இருந்தே இதற்கு ஒரு வழக்கு போனது. உடல்நலமில்லாமல் இருந்த ஒரு தொழிலாளியின் பெயரை அந்த எட்டு நாள் விதிப்படி எடுத்துவிட்டார்கள். சிகிச்சைக் காலத்தில் தொழிலாளியை டிஸ்மிஸ் செய்யக்கூடாது என்று அன்றைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொன்னது. அதைக் காட்டித்தான் அவர் வாதாடினார். 1963-ல் உச்ச நீதிமன்றம் மில்லுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இது நிர்வாகம் கொடுத்த தண்டனை இல்லை, நிலையாணைப்படி தானாகவே நடந்த விலகல், ஆகவே 73-ஆம் பிரிவு குறுக்கே வராது என்பது தீர்ப்பின் சாரம். என்னைக் கேட்டால் மிகவும் வறட்டுத்தனமான வாசிப்பு அது. முப்பது வருஷம் கழித்து, 1993-ல், ஹரியானா தொழிற்சாலை ஒன்றின் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. நிலையாணையில் அப்படியொரு விதி இருந்தாலும், அந்த ஆளுக்கு நோட்டீஸ் கொடுத்து, ஏன் வரவில்லை என்று கேட்டு, விசாரித்த பிறகுதான் பெயரை எடுக்கலாம். விசாரிக்காமல் எடுத்தது செல்லாது என்று சொல்லி, அவரைப் பாதிச் சம்பள நிலுவையுடன் திரும்ப வேலைக்கு எடுக்க உத்தரவிட்டது.

ஆகவே தம்பிகளே, நோயாளியின் பெயரை சத்தமில்லாமல் அடித்துவிடும் வழி அடைபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது இரண்டாவது வழி, அதாவது உடல் தகுதி இல்லை என்று சொல்லி அனுப்புவது. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

தொடர்ந்த உடல்நலக் குறைவுக்காக ஒருவரை நீக்கினால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று 1947-ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. அதாவது ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. அப்படியானால் டாக்டர் சர்ட்டிபிகேட்டைக் காட்டி அனுப்பிவிடலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் பஸ் டிரைவர்களின் வழக்குகளில் இருந்துதான் கிடைத்திருக்கிறது. காரணம் எளிது. டிரைவருக்குக் கண் முக்கியம், குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனை உண்டு, கண்ணில் குறை வந்தால் ஸ்டியரிங்கில் உட்கார முடியாது.

1990-களின் தொடக்கத்தில் ராஜஸ்தான் போக்குவரத்துக் கழக டிரைவர்கள் சிலரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. பார்வை குறைந்ததால் நீக்கப்பட்டவர்கள். இது ஆட்குறைப்பு இல்லை என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதோடு நிற்கவில்லை. வருஷக்கணக்கில் வெயிலிலும் தூசியிலும் எதிரே வரும் லைட் வெளிச்சத்திலும் வண்டி ஓட்டித்தானே கண் போனது, வேறு வேலை கொடுக்க முயற்சி செய்யாமல் வெறுங்கையோடு அனுப்புவது நியாயமில்லை என்றது. வேறு பொருத்தமான வேலை கொடுங்கள், அதுவும் இல்லையென்றால் வழக்கமான பணிப் பலன்களுக்கு மேல் கூடுதல் இழப்பீடு கொடுங்கள் என்று ஒரு திட்டமே வகுத்துக் கொடுத்தது.

இப்போது 2025 ஆகஸ்டில் வந்த தீர்ப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தெலங்கானா மாநிலப் போக்குவரத்துக் கழகத்தில் ஒரு டிரைவர். 2014-ல் வேலைக்குச் சேர்ந்தவர். பரிசோதனையில் அவருக்கு நிறக்குருடு இருப்பது தெரிந்தது. டிரைவர் வேலைக்குத் தகுதியில்லை என்று மருத்துவர் எழுதினார். வேறு ஏதாவது வேலை கொடுங்கள் என்று அவர் கேட்டார். நிறக்குருடு உள்ள டிரைவர்களுக்கு மாற்று வேலை தர விதியில்லை என்று சொல்லி 2016-ல் மருத்துவ காரணத்தால் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

கழகத்தின் வாதத்தில் ஒரு சின்ன சாமர்த்தியம் இருந்தது. ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் நிறக்குருடு இல்லை, ஆகவே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இவருக்குக் கிடையாது என்றார்கள். ஆனால் பழைய ஃபைலில் ஒரு காகிதம் இருந்தது. 1979-ல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் போட்ட ஒப்பந்தம். நிறக்குருடு வந்த டிரைவர்களுக்கு மாற்று வேலை தரப்படும் என்று அதில் ஒரு ஷரத்து. பின்னால் வந்த உள் சுற்றறிக்கைகள் அந்த ஒப்பந்தத்தை அழிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இன்னொன்றும் சொன்னது. மாற்று வேலை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தோம் என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது. தேடாமலே இல்லை என்று சொல்லக்கூடாது. எட்டு வாரத்துக்குள் 2016 ஜனவரியில் வாங்கிய அதே சம்பள நிலையில் பொருத்தமான வேலை கொடுக்கவும், நிலுவையில் 25 சதவீதம் கொடுக்கவும் உத்தரவானது. நிலுவையில் முக்கால் பங்கு போய்விட்டதையும் கவனியுங்கள். ஒன்பது வருஷம் காத்திருந்து வென்றவருக்கே அந்த நிலைமை.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது மருத்துவர் எழுதிய வாசகம். 'டிரைவர் வேலைக்குத் தகுதியில்லை' என்றுதான் அவர் எழுதினார். நிர்வாகம் அதை 'வேலைக்கே தகுதியில்லை' என்று படித்தது. மோட்டார் சூடாகிறது என்றால் நாம் அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போடுவதில்லை. லோடைக் குறைத்து, வேறு பம்ப்பில் மாட்டி ஓட்டுகிறோம். மனுஷனுக்கு மட்டும் ஏனோ அந்த யோசனை நமக்கு வருவதில்லை.

அரசு நிறுவனங்களில் இந்த யோசனையைச் சட்டமே கட்டாயமாக்கிவிட்டது. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, இப்போது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 20-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை நீக்கக்கூடாது, பதவியிறக்கமும் கூடாது. பழைய பதவி ஒத்துவராவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பதவிக்கு மாற்ற வேண்டும். எந்தப் பதவியும் இல்லையென்றால் ஒரு மிகைப் பதவியை உண்டாக்கி, பொருத்தமான இடம் காலியாகும் வரை அல்லது ஓய்வு வயது வரை அதில் வைத்திருக்க வேண்டும். கால் எடுக்கப்பட்ட ஒரு மத்திய அரசுக் காவலர், இயலாமை ஓய்வூதியம் கொடுத்து அனுப்பப்பட்டவர், இதைச் சொல்லித்தான் 2003-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். பென்ஷன் கொடுத்தாயிற்றே என்ற அரசின் வாதம் எடுபடவில்லை.

சரி, நடைமுறையில் எப்படி? கற்பனையாக ஒருத்தரை எடுத்துக்கொள்வோம். ஒரு அரசு நிறுவனத்தில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், வயசு 42, முதுகுத் தண்டில் ஆபரேஷன், ஏழு மாத விடுப்பு. டாக்டரிடம் "இவர் ஃபிட்டா, அன்ஃபிட்டா?" என்று கேட்டால் அன்ஃபிட் என்றுதான் வரும். ஏனென்றால் கேள்வி அப்படி. ஃபிட்டரின் வேலைகளைத் தனித்தனியாக எழுதி அனுப்ப வேண்டும். எத்தனை கிலோ தூக்க வேண்டும், ஏணி ஏறணுமா, எத்தனை மணி நேரம் நிற்கணும், குனிய வேண்டுமா என்று. அப்போது பதிலும் வேறு மாதிரி வரும். பத்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, ஏணி வேண்டாம், உட்கார்ந்து செய்யலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கவும் என்று. அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். குணமாகி வரக்கூடியவருக்கு முன்னாடியே முடிவு கட்டிவிடக்கூடாது.

பிறகு அந்த மனுஷரைக் கூப்பிட்டு, அல்லது வீட்டுக்கே போய், பேச வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. "அண்ணே, உங்களால எது முடியும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால், கேஜ் காலிபரேஷன் தெரியும் சார், டூல் ரூம் பார்த்துக்குவேன் சார் என்று அவரே சொல்வார். அதற்கப்புறம் காலியிடப் பட்டியலை எடுத்து, அந்த டிபார்ட்மென்ட் மட்டுமல்லாமல் ஸ்டோர்ஸ், பர்மிட் டெஸ்க், லேப் எல்லாவற்றிலும் பார்த்து, எதை எதற்காக ஒதுக்கினோம் என்று ஃபைலில் எழுத வேண்டும். கோர்ட் கேட்பது அந்தத் தாளைத்தான். "சாத்தியமில்லை" என்று ஒரே வார்த்தை எழுதிய ஃபைல் நிற்காது.

தனியார் கம்பெனியில் இருக்கும் அண்ணன்மார்கள் இப்போது முகம் சுளிப்பது தெரிகிறது. உண்மைதான், நான் சொன்ன 20-ஆம் பிரிவின் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியாரில் மிகைப் பதவி கேட்க முடியாது. அங்கே கையில் இருப்பது நோட்டீஸும் விசாரணையும், நிலையாணை, சங்க ஒப்பந்தம், பிறகு நீக்கம் நியாயமானதா என்று தொழிலாளர் நீதிமன்றம் பார்க்கும் பார்வை. இது குறைவுதான், எனக்கும் திருப்தி இல்லை. ஆனால் அந்த 1979 ஒப்பந்தத்தை நினைவில் வையுங்கள். உங்கள் கம்பெனியில் போட்ட பழைய ஒப்பந்தங்களை யாராவது கடைசியாக எப்போது படித்தார்கள்? கிராஜுவிட்டி விஷயத்தில் மட்டும் சட்டம் தாராளம். உடல் இயலாமையால் வேலை போனால் ஐந்து வருஷ சர்வீஸ் இல்லாவிட்டாலும் அது உண்டு. தனியாருக்கும் சேர்த்துத்தான்.

விடுப்பில் இருப்பவர் பக்கமும் ஒரு வார்த்தை. சர்ட்டிபிகேட்டை நண்பர் கையில் கொடுத்தனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விடுப்பு முடியும் முன்பே நீட்டிப்பு கேளுங்கள். நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள், பதில் போடுங்கள். மாற்று வேலை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தெலங்கானா டிரைவர் அப்படிக் கேட்டிருந்ததும் அவர் வழக்குக்குப் பக்கபலமாக இருந்தது.

கேள்விகள் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் மேசைக்கு வாருங்கள், பேசுவோம்.