வாலட்டில் நிற்கும் பணம்

செல்போன் வாலட்டில் எண்ணூறு ரூபாய் இருக்கிறது. 'கேஒய்சி முடியவில்லை' என்று நிறுத்திவிட்டார்கள். பணம் போய்விட்டதா? இல்லை. அது உங்கள் பணம்தான்.

குறைந்த விவரம் கொடுத்துத் தொடங்கிய சில வகை வாலட்டுகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் கெடு இரண்டு வருடம். கெடு தாண்டினால் புதிதாகப் பணம் போட முடியாது. இருப்பதைக் கொண்டு பொருள் வாங்கலாம். இதைச் சொல்லியே கேளுங்கள்.

செயலியின் உதவிப் பகுதியில் எழுதுங்கள்: "கேஒய்சியை முடித்துத் தாருங்கள். இல்லையென்றால் கணக்கை மூடி, பணத்தை அது வந்த கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள்." ஆதாரிலும் வாலட்டிலும் பெயர் ஒன்றுபோல இருக்கட்டும். ரேஷன் கார்டில் ஓர் எழுத்து மாறினாலே அலைய வேண்டியிருக்கிறதே, அதுபோலத்தான் இதுவும்.

புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. கேஒய்சி முடிக்கிறேன் என்று யாராவது போனில் ஓடிபி கேட்டால், சொல்லாதீர்கள். பணம் உங்களுடையது, எழுதிக் கேளுங்கள்.